முப்பது வினாடியில் என்னைச் சொல்லி முடித்த கதை

என் முதல் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி ஓடியது. திருப்பூரில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய கன்சல்டன்சிக்கு, சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்காக அனுப்பினேன். ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் தைக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, ஆர்டரைத் தேதிக்குள் அனுப்பி முடிக்கும் வேலை அது. ஒரு வாரம் பதில் இல்லை. வேறு யாராவது என்றால் என்ன காரணம் என்றே தெரியாமல் போயிருக்கும். எனக்கு அதிர்ஷ்டம், முன்பு என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அக்கா அப்போது இன்னொரு கன்சல்டன்சியில் இருந்தார். அந்த நோட்டை அவருக்கு அனுப்பிக் கேட்டேன். அவர் நாற்பது வினாடி கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

"கண்ணு, நீ யாரு, எந்த வேலைக்குக் கேக்கறே, ரெண்டுமே இன்னும் வரலை. பின்னாடி தறி வேற ஓடுது. ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை வருது தெரியுமா?"

எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசிய நோட் அது. "வணக்கங்க மேடம், நல்லா இருக்கீங்களா, தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கங்க, நானுங்க, அதாவது ஒரு ஃப்ரெண்டு உங்க நம்பர் கொடுத்தாங்க" என்று தொடங்கியிருந்தேன். முதல் இருபது வினாடியில் ஒரு விவரம்கூடக் கிடையாது. பி.காம். முடித்ததிலிருந்து வரலாறு வரிசையாக வந்தது. பெயர் கடைசியில், அதுவும் விழுங்கியபடி.

எங்கள் வீடு சாமளாபுரத்தில், பக்கத்து ஷெட்டில் எட்டு விசைத்தறி. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் என் காதுக்கு அது சத்தமே இல்லை. போனில் கேட்டபோதுதான் என் குரலைவிட அது பெரிதாக இருப்பது தெரிந்தது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். கன்சல்டன்சியில் இருப்பவர்கள் வாய்ஸ் நோட்டை உட்கார்ந்து கேட்பதில்லை. ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் ஒன்றரை மடங்கு வேகத்தில், சிலர் இரண்டு மடங்கில் ஓடவிடுகிறார்கள். அந்த வேகத்தில் அவர்கள் தேடுவது நான்கு விஷயம்: பெயர், எந்த வேலை, நோட்டீஸ் எத்தனை நாள், எப்போது கூப்பிட்டால் எடுப்பார். இவை கிடைத்தால் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

இரண்டாவது முயற்சியில் முதலில் நேரத்தை அளந்தேன். நிதானமாக, கூட இருப்பவரிடம் பேசுவது போலப் படித்தால் முப்பது வினாடியில் எனக்கு ஐம்பத்தைந்து தமிழ்ச் சொல்தான் வருகிறது. தமிழில் ஒரு சொல்லே நீளம். 'அனுப்பியிருக்கேன்' என்ற ஒன்றே ஆங்கிலத்தில் மூன்று சொல்லுக்குச் சமம். அதனால் ஆங்கில மாதிரிகளைப் பார்த்து எழுபது, எண்பது சொல் எழுதினால் கடைசியில் மூச்சு வாங்கப் படிக்க வேண்டியிருக்கும். ஐம்பத்தைந்து சொல் என்பது ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதும் அளவு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த அளவுக்குள் வெட்ட வேண்டும் என்றதும் முதலில் கண்ணில் பட்டது நம் ஊர்ப் பழக்கமான 'ங்க'. முதல் நோட்டில் எண்ணிப் பார்த்தேன்: 'நானுங்க', 'ஆமாங்க', 'வந்துங்க', 'அதுங்க' என்று பதினொன்று. நேரில் பேசும்போது அது நம் மரியாதை, யாருக்கும் உறுத்தாது. ஒலிப்பதிவில் ஒவ்வொன்றும் ஒரு இழுவை. கோபத்தில் பதினொன்றையும் எடுத்துவிட்டு ஒரு தடவை பேசிப் பார்த்தேன். கேட்க எதையோ அதட்டி வாங்குவது போல இருந்தது, நம் பக்கத்து ஆளுக்கு அது நன்றாகவே தெரியும். கடைசியில் மூன்று வைத்தேன்: வணக்கத்தில் ஒன்று, கூப்பிடச் சொல்லிக் கேட்கும் இடத்தில் ஒன்று, நன்றியில் ஒன்று. மரியாதை வேண்டிய இடம் அந்த மூன்றும்தான். நடுவில் விவரம் சொல்லும்போது நேராகச் சொன்னாலே போதும்.

அடுத்து, என்னைப் பற்றி என்ன சொல்வது என்ற கேள்வி. இதில்தான் நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். 'நல்ல அனுபவம் உண்டு, பையர்களோடு நன்றாகப் பேசுவேன், டைமுக்கு வேலை முடிப்பேன்' என்று எழுதினேன். மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். டெக் பேக் வாங்குவது, சாய நிறத்தின் மாதிரியான லேப் டிப்புக்கு அப்ரூவல், ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் என்று வேலையின் படிகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அது வேலை விளக்கமாக இருந்ததே தவிர என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்பவருக்கும் அதெல்லாம் தெரிந்ததுதான்.

அக்காவிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "போன வருஷம் உன்கிட்ட எத்தனை ஆர்டர் ஏர் போச்சு?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருப்பூரில் ஒரு ஆர்டர் வழக்கமாகக் கப்பலில் போகும். துணி வர, சாயம் போட, தைக்க, ஏதோ ஒன்று தாமதமாகிக் கப்பல் தேதி தவறினால், பையர் விட மாட்டார். விமானத்தில் அனுப்ப வேண்டும். தாமதம் நம்முடையது என்றால் அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும், லாபம் அப்படியே போகும். 'ஏர் போச்சு' என்ற இரண்டு சொல்லைக் கேட்டால் எந்த முதலாளிக்கும் வயிறு கலங்கும். மெர்ச்சண்டைசரின் திறமையை அளக்க இதைவிட நேரான அளவு கிடையாது.

போன வருடம் இருபத்திரண்டு ஆர்டர் பார்த்தேன். ஒன்று ஏர் போனது. அந்த ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. 'எல்லா ஆர்டரையும் டைமுக்கு அனுப்பினேன்' என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அது பொய் என்பது ஒரு பக்கம், திருப்பூரில் அப்படிச் சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆறு வருடத்தில் ஒரு ஆர்டரும் ஏர் போகாத மெர்ச்சண்டைசரை நான் பார்த்ததில்லை. அதனால் உண்மையான கணக்கையே வைத்தேன். அது ஒரு கேள்வியைக் கிளப்பும் என்று அப்போது யோசிக்கவில்லை.

என்ன சொல்லக் கூடாது என்பதையும் எழுதி வைத்தேன். முதலாவது, இப்போது இருக்கும் கம்பெனியின் பெயர். வாய்ஸ் நோட் ஃபார்வர்ட் ஆகும். கன்சல்டன்சி ஆள் கம்பெனி ஹெச்ஆருக்கு அனுப்புவார், அவர் மேனேஜருக்கு அனுப்புவார், திருப்பூர் சின்ன ஊர், நம் மேனேஜரும் அவரும் ஒன்றாக டீ குடிப்பவர்களாக இருக்கலாம். இரண்டாவது, பையர் பெயர். எந்த பையருக்கு எந்தக் கம்பெனி தைக்கிறது என்பது ஊருக்கே தெரியும் என்பதால், பையரைச் சொல்வதும் கம்பெனியைச் சொல்வதும் ஒன்றுதான். மேலும் புதுக் கம்பெனிக்காரருக்கு, இந்தப் பெண் நாளைக்கு நம் பையர் பெயரையும் இப்படித்தான் வெளியே சொல்லுவாள் என்று தோன்றும். பெயர்களுக்குப் பதிலாக 'குழந்தைகள் நிட்வேர்' என்று சரக்கைச் சொன்னேன். மூன்றாவது, சம்பளம். முப்பது வினாடியில் சம்பளத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் மறந்து அந்த எண் மட்டும் நிற்கும். அதைத் திரும்பக் கூப்பிடும்போது பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது நோட்டை இப்படியெல்லாம் தயார் செய்து அனுப்பினேன். கேட்டார்கள். மைக் படம் நீலமானது. ப்ளூ டிக்கை ஒருவர் அணைத்து வைத்திருந்தாலும், வாய்ஸ் நோட்டை ஓட்டினால் இந்த மைக் நீலமாகிவிடும், அதனால் கேட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி இது. கேட்டதோடு கூப்பிடவும் செய்தார்கள். ஆனால் நான் எடுக்கவில்லை.

நோட்டின் முடிவில், 'நாளைக்கு எப்ப வேணா கூப்பிடுங்க மேடம்' என்றிருந்தேன். அவர்கள் கேட்டது இரண்டு நாள் கழித்து. அப்புறம் கூப்பிட்டது காலை பதினொன்றரைக்கு, நான் மேனேஜருக்கு எதிரில் உட்கார்ந்து சைஸ் செட் கமெண்ட் பார்த்துக்கொண்டிருந்த நேரம். போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று மணிக்கு மாடிப்படிக்கு ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டால், "அந்த வேலைக்கு மூணு பேரை அனுப்பிட்டோங்களே" என்றார்கள்.

அன்றிரவு ஸ்கிரிப்டின் கடைசி வரியை மாற்றி எழுதினேன். 'நாளைக்கு', 'இன்னைக்கு' என்ற சொற்களுக்கு வாய்ஸ் நோட்டில் இடமே கிடையாது, கேட்பவரின் நாளும் நம் நாளும் ஒன்றல்ல. 'எப்ப வேணா' என்பதும் வேலையில் இருப்பவர் சொல்லக்கூடியது அல்ல, ஏனென்றால் அது பொய். எனக்கு உண்மையாகவே பேச முடிந்த நேரம் இரண்டுதான்: மதியச் சாப்பாடு ஒன்றிலிருந்து ஒன்றரை, அப்புறம் வீடு திரும்பிய பின் எட்டு மணிக்கு மேல். அந்த இரண்டையும் அப்படியே வைத்தேன். கேட்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது நோட் ஒரு மாதம் கழித்து அதே கன்சல்டன்சிக்கு, வேறொரு வேலைக்காக. இம்முறை கம்பெனி அவினாசி ரோட்டில். முழு ஸ்கிரிப்ட் இதுதான்:

"வணக்கங்க மேடம். நான் சுகன்யா, சாமளாபுரம். நீங்க போட்டிருந்த சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்காகப் பேசறேன். ஆறு வருஷமா குழந்தைகள் நிட்வேர் ஆர்டர் பார்க்கறேன். போன வருஷம் இருபத்திரண்டு ஆர்டர் கையில் எடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் ஏர் போச்சு, மத்ததெல்லாம் கப்பல்லயே போயிருச்சு. நோட்டீஸ் முப்பது நாள். அவினாசி ரோட்டுக்கு பஸ்ல வந்துக்குவேன். ரெஸ்யூம் கீழே அனுப்பியிருக்கேன். தினமும் மதியம் ஒண்ணுலருந்து ஒண்ணரைக்குள்ள, இல்லைன்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிட முடியுங்களா? சுகன்யா பேசறேன், நன்றிங்க."

ஐம்பத்து நான்கு சொல். இருபத்தொன்பது வினாடி.

'பஸ்ல வந்துக்குவேன்' எதற்கு என்று தோன்றலாம். ஊர் பெயரைச் சொன்னதும் ஹெச்ஆர் மனதில் வரும் அடுத்த கேள்வி, இந்தப் பெண்ணுக்கு கம்பெனி வேன் வேண்டுமா என்பதுதான். சாமளாபுரத்திலிருந்து மங்கலம் வழியாகத் திருப்பூர் வந்து, அங்கிருந்து அவினாசி ரோட்டுக்கு இன்னொரு பஸ். அது என் பாடு என்று சொல்லிவிட்டால் ஒரு தடை குறையும். உங்களுக்கு அந்தக் கேள்வி வராது என்றால் இந்த வரியைத் தூக்கிவிட்டு மூச்சு விட இடம் கொடுங்கள்.

பெயர் இரண்டு தடவை வருவதும் வேண்டுமென்றே. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது முதல் 'சுகன்யா' 'கன்யா' என்றுதான் கேட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அரை வினாடி நிறுத்திப் பேசப் பழகினேன். போன் நம்பரை மட்டும் குரலில் சொல்லவில்லை. பத்து எண்ணையும் தெளிவாகச் சொல்ல ஆறு வினாடி போகும், கேட்டு எழுதுபவர் ஒரு எண்ணைத் தவறவிட்டால் அத்தனையும் வீண்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டை ஃபார்வர்ட் செய்தால், கடைசியில் கேட்பவருக்கு அதை முதலில் அனுப்பியவர் யார் என்று தெரியாது. அதற்குத்தான் குரலில் பெயரும் ஊரும். நம்பர் ரெஸ்யூமில் இருக்கிறது. ரெஸ்யூம் கோப்பின் பெயரையும் `Sukanya_Sr_Merchandiser_Knitwear.pdf` என்று மாற்றினேன். அதற்கு முன் அது `resume final new 2.pdf` என்றிருந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் பலர் நம் நம்பரை நேராகக் கம்பெனிக்குக் கொடுக்க விரும்ப மாட்டார்கள், அவர்கள் கமிஷன் அதில் இருக்கிறது. குரலில் நம்பர் இல்லாத நோட்டை அவர்கள் தயக்கமில்லாமல் முன்னே அனுப்புவார்கள் என்பதும் பின்னால் புரிந்தது.

நோட்டோடு ஒரு வரி எழுத்திலும் போட்டேன்: 'சுகன்யா, சீனியர் மெர்ச்சண்டைசர் வேலை, 6 வருடம், நோட்டீஸ் 30 நாள். வாய்ஸ் நோட் 30 வினாடி.' நேரம் எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் ஓட்டிப் பார்க்கத் துணிவார்கள். பஸ்ஸில் இருப்பவர் வரியைப் படிப்பார், இறங்கியபின் நோட்டைக் கேட்பார்.

பதிவு செய்வதுதான் எனக்குப் பெரும்பாடு. ஒரு சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன. அன்று பர்மிஷன் போட்டு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினேன். ஃபேனும் ஓடாது, அதுவும் நல்லதுக்கே. சமையலறையில் பேசிப் பார்த்தேன், டைல்ஸ் சுவரில் குரல் எதிரொலித்தது. பீரோ இருக்கும் அறையில், கதவைத் திறந்து தொங்கும் புடவைகளைப் பார்த்தபடி பேசியபோது குரல் கனமாகவும் சுத்தமாகவும் விழுந்தது. துணி ஒலியை உறிஞ்சிவிடுகிறது. துணி வேலை பார்ப்பவளுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். போனை வாய்க்கு நேராக வைத்தால் 'ப', 'ஃப' எல்லாம் ஊதியது, கன்னத்துக்குப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் பிடித்தபின் சரியானது.

மைக்கை அழுத்தியபடியே பேசினால் விரல் நழுவி பாதி நோட் போய்விடும், எனக்கு ஒரு தடவை போனது. அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டுப் பேசலாம். முடித்ததும் அனுப்பாமல் நிறுத்தி, ஓட்டிக் கேட்டுவிட்டு, பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டியைத் தட்டலாம். அனுப்பிவிட்டு அழித்தால், அழித்த தடயம் அவர்கள் திரையில் நிற்கும். ஏழாவது தடவை பேசியதுதான் அனுப்பியது. ஆறாவது இன்னும் தெளிவாக இருந்தது, ஆனால் பள்ளியில் திருக்குறள் ஒப்பிப்பது போலிருந்தது. ஏழாவதில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் பேசினேன். ஒரு இடத்தில் 'கையில் எடுத்தேன்' என்பதற்குப் பதில் 'பார்த்தேன்' என்று வந்தது. விட்டுவிட்டேன்.

ஆங்கிலத்திலும் ஒன்று பதிவு செய்து பார்த்தேன், பையருக்கு எழுதும் மெயில் எல்லாம் ஆங்கிலம்தானே என்று. யார் குரலோ போல இருந்தது. வேலை திருப்பூர் கம்பெனியில், கேட்பவரும் நம் ஊர்க்காரர் என்றால் தமிழே சரி. பையர் சார்பில் ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸில் வேலை என்றால் நடுவில் ஒரு வாக்கியத்தையாவது ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன், பேச வருமா என்று அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள்.

என் சித்தி மகன் டிப்ளமோ முடித்துவிட்டு கோயமுத்தூரில் பம்ப் கம்பெனிகளில் வேலை தேடுகிறான். இதே ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு ஆர்டருக்குப் பதில் சொல்ல அவனிடம் கணக்கு எதுவும் இல்லை. 'ட்ராயிங் படிப்பேன், வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளப்பேன், ரெண்டு ஷிஃப்டும் வருவேன்' என்று வைத்தான். புதிதாக வருபவரிடம் கேட்பவர் தேடுவது அதுதான் என்பதால் அதுவே போதும். நோட்டீஸ் வரியில் 'உடனே சேரலாம்' என்றான்.

ஒன்று மட்டும்: விளம்பரத்தில் மெயில் அனுப்பச் சொல்லியிருந்தால் வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். பெரிய கம்பெனிகளின் ஹெச்ஆருக்கு இது தொந்தரவாகத்தான் படும். வாட்ஸ்அப் நம்பர் கொடுத்திருக்கும் கன்சல்டன்சிகளுக்குத்தான் இது பொருந்தும்.

சனிக்கிழமை அனுப்பியதற்குத் திங்கட்கிழமை காலை மைக் நீலமானது. மதியம் ஒன்று பத்துக்கு, டிஃபன் பாக்ஸைத் திறந்த கையோடு, போன் அடித்தது. மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

"சுகன்யாங்களா? உங்க நோட்டை கம்பெனிக்கு அனுப்பினேன். அவங்க உங்க சம்பளத்தைக்கூடக் கேக்கலை. அந்த ஒரு ஆர்டர் ஏன் ஏர் போச்சுன்னு கேக்கறாங்க."

லேப் டிப் அப்ரூவ் ஆன நிறம், மொத்தத் துணிக்குச் சாயம் போட்டபோது ஒரு படி மங்கலாக வந்தது, பையர் ஏற்கவில்லை, மறுசாயத்துக்கு ஒன்பது நாள் போனது, அதில் பாதியைத் தையலில் பிடித்தும் மீதியைப் பிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க, வியாழக்கிழமை பத்து மணிக்கு அவினாசி ரோட்டுக்கு வந்துருங்க. பஸ்லதானே வர்றீங்க?"